மெஷின் போய்விட்டது, பில் மட்டும் வருகிறது

தஞ்சாவூரில் ஒரு டியூஷன் சென்டர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளைகள், இரண்டிலும் வாடகை ஜெராக்ஸ் மெஷின். ஒரு கிளையை மூடிவிட்டு மாணவர்களை இன்னொன்றில் சேர்த்துவிட முடிவெடுக்கிறார். கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். நாற்காலிகளை விற்றுவிடலாம், கரும்பலகையைக் கழற்றிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் மெஷின் மட்டும் அவருடையது அல்ல. டெக்னீஷியனுக்கு போன் போட்டு, “தம்பி, அடுத்த மாசத்தோட இங்க மூடறோம், மெஷினை எடுத்துக்குங்க” என்கிறார். “சரிங்க டீச்சர், ஆபீஸ்ல சொல்லிடறேன்” என்று பதில் வருகிறது. டீச்சரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

முடியவில்லை. வாடகை மெஷினைக் கொண்டுவந்து வைக்கும் நாளில் இரண்டு கையெழுத்து போதும். திருப்பி அனுப்பும் நாளில்தான் எந்தத் தேதியோடு வாடகை நிற்கிறது, மீட்டரில் எந்த எண் கடைசி எண், டெபாசிட்டில் எவ்வளவு கழியும் என்று கேள்விகள் கிளம்பும். இவற்றுக்கு விடை வாய்வார்த்தையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அந்த டீச்சரின் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. ஆனால் இப்படிப்பட்ட பில்கள் வருவது வழக்கம்தான்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

ஜெராக்ஸ் மெஷின் வாடகை, வீட்டு வாடகை போன்றதல்ல. பாதி வாடகை, பாதி மீட்டர். டீச்சரின் ஒப்பந்தத்தில் மாதம் 3,000 ரூபாய். அதற்குள் 5,000 காப்பி இலவசம். அதற்கு மேல் காப்பிக்கு 45 பைசா. டோனர், டிரம், உதிரி பாகங்கள், பழுதுபார்ப்பு எல்லாம் டீலர் செலவு. பேப்பரும் மின்சாரமும் டீச்சர் செலவு. டெபாசிட் 10,000 ரூபாய். இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி.

கொண்டுவந்து வைக்கும்போது எல்லோரும் பார்ப்பது இந்த வரிகளை மட்டும்தான். திருப்பிக் கொடுக்கும்போது வேலை செய்வது கீழே இருக்கும் மூன்று வரிகள். ஒப்பந்தக் காலம் 2024 ஏப்ரல் 1 முதல் மூன்று வருடம். அதில் முதல் 24 மாதம் ‘லாக்-இன்’, அதாவது அதற்குள் விலகினால் மீதி மாதங்களின் வாடகையைக் கட்ட வேண்டும். லாக்-இன் முடிந்த பிறகும் சரி, முன்பும் சரி, விலகுவதற்கு 60 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். லாக்-இன் காலத்தில் திருப்பினால் ஏற்றுக்கூலி வாடிக்கையாளருடையது.

பல ஒப்பந்தங்களில் நான்காவதாக ஒரு வரியும் இருக்கும்: காலம் முடிவதற்கு 60 அல்லது 90 நாள் முன்னால் நோட்டீஸ் வராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். மூன்று வருடம் முடிந்ததும் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான். ஒப்பந்தத்தை எடுத்து, முடியும் தேதியிலிருந்து 90 நாளைப் பின்னோக்கி எண்ணி, அந்த நாளை இன்றே காலண்டரில் வட்டமிட்டு வைப்பது நல்லது.

‘சொல்லியாச்சு’ நோட்டீஸ் ஆகாது

டெக்னீஷியனிடம் சொன்னது நோட்டீஸ் அல்ல. அவருக்கு ஒப்பந்தத்தை முடிக்கும் அதிகாரம் கிடையாது. பல நேரங்களில் அவர் ஆபீஸில் சொல்லவே மறந்துவிடுவார். நோட்டீஸ் போக வேண்டியது ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கும் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும். ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், அதே கடிதம் மின்னஞ்சலிலும். அனுப்பிய ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். ஒப்பந்த எண், மெஷினின் மாடல், அதன் சீரியல் எண், இன்றைய மீட்டர் ரீடிங், நோட்டீஸ் காலம் முடியும் தேதி, அந்தத் தேதியில் மெஷினை எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும்படி ஒரு வேண்டுகோள், கடைசி பில்லையும் டெபாசிட் கணக்கையும் எழுத்தில் தரும்படி இன்னொரு வேண்டுகோள். அவ்வளவுதான். ஏன் விலகுகிறோம் என்ற கதை தேவையில்லை. மெஷின் அடிக்கடி பழுதானதுதான் காரணம் என்றால் மட்டும் அதை எழுத வேண்டும். எந்தெந்தத் தேதியில் புகார் செய்தோம், எத்தனை நாள் மெஷின் ஓடாமல் கிடந்தது என்று தேதி போட்டு எழுதினால், லாக்-இன் பேச்சு வரும்போது அது கைகொடுக்கும். டீலர் தன் பங்கைச் செய்யாதபோது வாடிக்கையாளரை மட்டும் ஒப்பந்தத்துக்குள் கட்டிவைக்க முடியாது.

நம் டீச்சர் போனில் சொன்னதோடு நிற்காமல், பக்கத்துக் கணினி மையத்துப் பையன் சொன்னதால் 2025 செப்டம்பர் 10 அன்று மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்பிவிட்டார். அன்றே மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. 60 நாள் கணக்கிட்டால் நவம்பர் 9. அந்த ஒரு மின்னஞ்சல்தான் கடைசியில் அவருக்குப் பணத்தை மிச்சப்படுத்தியது.

வாடகை நிற்கும் நாள் எது?

நவம்பர் 9 வந்தது. டீலரின் வண்டி வரவில்லை. “ஆள் இல்லைங்க டீச்சர், அடுத்த வாரம்” என்றார்கள். வந்தது நவம்பர் 22. பில்லில் நவம்பர் முழு மாத வாடகை. கேட்டால், “மெஷின் எங்க கைக்கு வந்த நாள்தாங்க கணக்கு” என்பார்கள்.

மெஷினைக் கொடுக்க நாம் தயாராக இருந்தும் அவர்கள் எடுக்க வராவிட்டால், அந்தத் தாமதத்துக்கு வாடகை கட்ட வேண்டிய நியாயம் இல்லை. ஆனால் நாம் தயாராக இருந்தோம் என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு நோட்டீஸ் முடியும் நாளில் மாலையில் பத்து நிமிட வேலை இருக்கிறது. மெஷினில் கவுண்டர் பக்கத்தை அச்சடித்து எடுக்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணை, தேதி தெரிய ஒரு செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, போட்டோ எடுக்க வேண்டும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அந்தப் போட்டோவோடு டீலருக்கு ஒரு மின்னஞ்சல்: ‘நோட்டீஸ் காலம் இன்று முடிகிறது. கடைசி ரீடிங் இது. இன்று முதல் மெஷினைப் பயன்படுத்தவில்லை. எடுத்துச் செல்ல எங்கள் பக்கம் தயார். காலை 10 முதல் மாலை 6 வரை எந்த நாளும் வரலாம்.’

இதற்குப் பிறகு அந்த மெஷினில் ஒரு காப்பிகூட எடுக்கக் கூடாது. அவசரத்துக்கு நாலு கேள்வித்தாள் எடுத்துவிட்டால், மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘பயன்படுத்தவில்லை’ என்று எழுதியது பொய்யாகிவிடும். வாடகைக் கணக்கு மறுபடி வண்டி வந்த நாளுக்கு நகரும்.

மீட்டர் சொல்லும் எண்கள்

கவுண்டர் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் ஒரே எண் இருக்காது. காப்பி தனி, கணினியிலிருந்து அடித்த பிரிண்ட் தனி, கலர் மெஷினாக இருந்தால் கறுப்பு வெள்ளையும் கலரும் தனி. ஏ3 தாளை ஒன்றாக எண்ணும் மொத்தம் ஒன்று, இரண்டாக எண்ணும் மொத்தம் இன்னொன்று. கேனான் மெஷின்கள் பலவற்றில் கவுண்டர் திரையில் `101` என்று வருவது தாள் அளவைப் பாராத மொத்தம். `102` என்று வருவது பெரிய தாளை இரண்டாக எண்ணிய மொத்தம். மாதாமாதம் பில் எந்த எண்ணை வைத்து வந்ததோ அதே எண்ணைத்தான் கடைசி பில்லிலும் எடுக்க வேண்டும். இதுவரை `101`, கடைசியில் மட்டும் `102` என்றால், பல வருடத்து ஏ3 காப்பிகள் எல்லாம் ஒரே பில்லில் வந்து உட்கார்ந்துவிடும். மீட்டர் திடீரென்று எகிறியதாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு பக்கமும் அச்சடித்த தாள் இரண்டு காப்பி. ஸ்கேனுக்கு வழக்கமாகக் கட்டணம் கிடையாது. டெக்னீஷியன் பழுதுபார்க்கும்போது எடுத்த சோதனைக் காப்பிகளும் மீட்டரில் ஏறும். அதற்காக ஒன்றிரண்டு சதவீதம் கழித்துத் தரும் வழக்கம் சில டீலர்களிடம் உண்டு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் கடைசி பில்லிலும் கேட்டு வாங்க வேண்டும்.

டீச்சரின் பில்லில் வந்த தவறு வேறு மாதிரி. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ரீடிங் எடுக்க யாரும் வரவில்லை. மாத வாடகைக்கு மட்டும் பில் வந்தது, அவரும் கட்டிவிட்டார். கடைசி பில்லில் ‘முந்தைய ரீடிங்’ என்று ஆகஸ்ட் 31-இன் எண்ணான 1,42,300 இருந்தது. ‘கடைசி ரீடிங்’ 1,51,400. வித்தியாசம் 9,100 காப்பி. அதிலிருந்து ஒரு மாத இலவசமான 5,000-ஐக் கழித்து, மீதி 4,100 காப்பிக்கு 45 பைசா வீதம் 1,845 ரூபாய் போட்டிருந்தார்கள்.

எண்கள் இரண்டும் சரிதான். கழித்தல்தான் தவறு. அந்த 9,100 காப்பி ஓடியது ஒரு மாதத்தில் அல்ல, இரண்டு மாதமும் ஒன்பது நாளும். இரண்டு மாத இலவசம் 10,000. ஒன்பது நாளுக்கு, 30-இல் 9 பங்கு என்று பார்த்தால் 1,500. ஆக 11,500 காப்பி இலவசம். ஓடியதோ 9,100. கூடுதல் காப்பி ஒன்றுகூட இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பில்லில் ‘முந்தைய ரீடிங்’ எந்தத் தேதியுடையது என்று பார்ப்பது. பழைய பில்கள் கையில் இல்லாதவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுவார்கள்.

லாக்-இன்: எழுதியிருப்பது உச்சவரம்பு

இனி பெரிய தொகைக்கு வருவோம். நவம்பர் 9-இல் விலகுகிறார். லாக்-இன் 2026 மார்ச் 31 வரை. இடையில் நான்கு மாதமும் 21 நாளும். ஒப்பந்தப்படி கணக்கிட்டால் 14,100 ரூபாய். நவம்பரை முழு மாதமாகப் போட்டுவிட்டதால் மீதி நான்கு மாதத்துக்கு 12,000 என்று டீலர் பில் போட்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது, கட்டித்தான் ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருந்தாலும், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடுதான். எழுதியிருக்கும் தொகை அதற்கு உச்சவரம்பு. இழப்பை நிரூபிக்கக்கூடிய இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதே சட்டத்தின் 73-ஆம் பிரிவு, இழப்பைக் கணக்கிடும்போது அதைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது.

இதை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொருத்திப் பார்க்கலாம். மாதம் 3,000 ரூபாயும் டீலருக்கு லாபம் இல்லை. அதில் டோனர் இருக்கிறது, டிரம் இருக்கிறது, டெக்னீஷியனின் பெட்ரோல் இருக்கிறது. மெஷின் திரும்பிப் போன பிறகு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதோடு, அந்த மெஷின் கடையில் சும்மா நிற்கப் போவதும் இல்லை. துடைத்து, சர்வீஸ் செய்து இன்னொரு அலுவலகத்துக்கு வாடகைக்குப் போகும். முழு வாடகையையும் இங்கே வாங்கிக்கொண்டு, அங்கேயும் வாடகை வாங்குவது இழப்பீடு ஆகாது.

இதற்காகப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வழக்குப் போடச் சொல்லவில்லை. வக்கீல் செலவு அதைத் தாண்டிவிடும். பல ஒப்பந்தங்களில் தகராறு என்றால் டீலர் ஊரில் நடுவர் முன்னால்தான் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கும். சட்டத்தில் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேச்சுக்கு உட்காரலாம், அதுதான் இதன் பயன். டீலருக்கும் பேரம் புதிதல்ல. டீச்சரிடம் இன்னொரு கிளையில் இன்னொரு வாடகை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வாடிக்கையாளரை இழக்க டீலருக்கு மனம் வராது. இரண்டு மாத வாடகை, 6,000 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். பேசி முடித்ததை அன்றே மின்னஞ்சலில் ஒரு வரியாக எழுதி, ‘சரி’ என்று பதிலும் வாங்கிக்கொண்டார்.

பேச உட்காரும் முன் வேறு வழிகளும் உண்டா என்று கேட்பது நல்லது. பெரிய மெஷினைக் கொடுத்துவிட்டு அதே ஒப்பந்தத்தில் சின்ன மெஷினுக்கு மாறலாமா? கட்டடத்துக்குப் புதிதாக வருபவர் பெயருக்கு ஒப்பந்தத்தை மாற்றலாமா? இரண்டுக்கும் டீலரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். புதிதாக வந்தவரிடம் மெஷினை விட்டுவிட்டு வெறுமனே போனால், அவர் கட்டாத வாடகை பழைய பெயருக்கே வரும்.

டிரம் யார் செலவு?

பில்லில் இன்னொரு வரி: ‘டிரம் மாற்றம், 6,500.’ மெஷினைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது டிரம் தேய்ந்திருந்ததாம்.

டிரம் என்பது ஒளியால் எழுத்தின் உருவம் பதிந்து, டோனர் ஒட்டும் உருளை. இத்தனை ஆயிரம் காப்பி என்று அதற்கு ஆயுள் உண்டு. தேய்வது அதன் விதி. தேய்ந்தால் காப்பியில் நீளவாக்கில் கோடு விழும், பின்னணி சாம்பல் பூக்கும். முழு சர்வீஸ் ஒப்பந்தத்தில் டிரம்மும் டோனரும் வாடகைக்குள் அடங்கியவை. அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுக்க மெஷினைத் தயார் செய்யும் செலவை முந்தைய வாடிக்கையாளர் தலையில் வைக்க முடியாது. ஓட்டத்தால் வந்த தேய்மானம் டீலருடையது. உடைத்தது, தொலைத்தது, தண்ணீர் கொட்டியது, வேறு கடை டோனரை ஊற்றியது ஆகியவை நம்முடையவை.

எது தேய்மானம், எது உடைசல் என்ற சண்டையைத் தவிர்க்க ஒரே வழி, மெஷின் நம் இடத்தை விட்டு நகரும் முன்பே அதன் நிலையைப் பதிவு செய்வது. நான்கு பக்கமும், மேல் மூடியும், பேப்பர் தட்டுகளும் தெரியப் போட்டோ. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் எடுத்த கடைசிக் காப்பி ஒன்று, தேதியோடு. அந்தக் காப்பி சுத்தமாக இருந்தால், பிறகு வரும் ‘டிரம் போயிடுச்சு’ பேச்சுக்கு அதுவே பதில். டீச்சர் அப்படி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். ஒப்பந்தத்தின் சர்வீஸ் வரியையும் சுட்டிக்காட்டியதும் அந்த 6,500 கழிந்தது.

வண்டி ஏறும் நாள்

ஏ3 காப்பி எடுக்கும் அலுவலக மெஷின்களில் பெரிய மாடல்கள் பலவும் எழுபது, எண்பது கிலோ இருக்கும். கலர் மெஷின் நூறைச் சாதாரணமாகத் தாண்டும். மாடியில் இருந்தால் இரண்டு பேர் போதாது. குட்டியானை வண்டியோடு ஒரே ஒரு டிரைவர் வந்து, “யாராச்சும் ஒரு கை பிடிங்க” என்றால், மறுத்துவிடுவதே புத்திசாலித்தனம். நம் ஆட்கள் தூக்கிப் படிக்கட்டில் விழுந்தால், மெஷினின் உடைசலும் ஆளின் காயமும் நம் பொறுப்பாகப் பேசப்படும்.

எடுப்பதற்கு முன் டோனர் பாட்டிலையும் கழிவு டோனர் பெட்டியையும் கழற்ற வேண்டும் அல்லது அடைக்க வேண்டும். அப்படியே சாய்த்தால் மாவைவிட நுண்ணிய கரும்பொடி மெஷினுக்குள் முழுவதும் கொட்டிவிடும். ஸ்கேனர் நகரும் பகுதிக்குப் பூட்டுத் திருகு உள்ள மாடலில் அதை முடுக்க வேண்டும். இவை டெக்னீஷியன் வேலை. அவர் வராமல் ஏற்றுக்கூலி ஆட்கள் மட்டும் வந்திருந்தால், அந்த நிலையிலேயே எடுத்தார்கள் என்று சலானில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கீழே சிந்திய டோனரைத் துடைக்க வெந்நீர் கூடாது, சூட்டில் அது ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும்.

சலானில் இருக்க வேண்டியவை: மெஷினின் பின்புறத் தகட்டில் உள்ள சீரியல் எண், கடைசி மீட்டர் எண், கூடப் போகும் ஸ்டாண்டு, கூடுதல் பேப்பர் தட்டு, பவர் கேபிள், பிரிக்காத டோனர் பாட்டில்கள். வாடகையில் டோனரும் அடங்கும் என்றால், அலமாரியில் மிச்சம் இருக்கும் டோனரும் டீலருடையதே. எண்ணிக்கை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவரின் பெயர், தேதி, கையெழுத்து, கடை முத்திரை இருக்க வேண்டும். ‘சிஸ்டத்துல ஏத்திக்கலாம், அப்புறம் அனுப்பறோம்’ என்பதை ஏற்றுக்கொண்டு வண்டியை அனுப்பக் கூடாது.

மெஷினின் ஞாபகசக்தி

பெரும்பாலோர் மறந்துபோவது ஒன்று. நம் ஊரில் வாடகைக்கு ஓடுபவற்றில் நிறைய, பெரிய மாடல்களைப் புதுப்பித்தவை. அவற்றில் பலவற்றுக்குள் கணினியில் இருப்பது போலவே ஹார்டு டிஸ்க் இருக்கிறது. காப்பி எடுத்த, ஸ்கேன் செய்த பக்கங்கள் அதில் தங்கக்கூடும். திரையில் `Mail Box` அல்லது `Document Server` என்று ஒரு பகுதி இருந்தால் உள்ளே டிஸ்க் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி 2010-இல் பழைய வாடகைக் காப்பியர்களை வாங்கி உள்ளே பார்த்தது. அவற்றில் ஒன்று, அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த மெஷின். நோயாளிகளின் மருத்துவ விவரங்கள் அதன் டிஸ்க்கில் அப்படியே இருந்தன. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. டிஸ்க்கை அழிக்காமல் திருப்பியதற்காக அந்த அமைப்பு 2013-இல் அரசுக்கு 12,15,780 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

டியூஷன் சென்டர் மெஷினில் மாணவர்களின் ஆதார், மதிப்பெண் பட்டியல், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் ஓடியிருக்கும். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்ப, மெஷினுக்குள் ஒரு மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டும் பதிந்திருக்கும். ஆகவே, கவுண்டர் பக்கத்தை அச்சடித்து எடுத்த பிறகு, பிளக்கைப் பிடுங்கும் முன், தகவலை அழிக்க வேண்டும். கேனானின் பெரிய மாடல்களில் `Management Settings` > `Data Management` > `Initialize All Data/Settings`. ரிக்கோவில் `Erase All Memory`. மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறும். நிர்வாகி பாஸ்வேர்டு பெரும்பாலும் டெக்னீஷியனிடம்தான் இருக்கும், அதனால் நோட்டீஸ் காலத்திலேயே அவரை வரவழைத்து நம் கண்முன் செய்யச் சொல்ல வேண்டும். டிஸ்க் பெரியதென்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரண்ட் போகக் கூடாது. முடிந்ததும் ‘தகவல் அழிக்கப்பட்டது’ என்று சலானில் ஒரு வரி. நம் பக்கம் அந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

கடைசிக் கணக்கு

டீச்சருக்கு முதலில் வந்த பில்லைக் கூட்டிப் பார்ப்போம். நவம்பர் வாடகை 3,000, லாக்-இன் 12,000, கூடுதல் காப்பி 1,845, டிரம் 6,500, ஏற்றுக்கூலி 1,500. மொத்தம் 24,845. ஜிஎஸ்டி சேர்த்தால் 29,317 ரூபாய். டெபாசிட் 10,000 போக, அவர் இன்னும் 19,317 ரூபாய் கட்ட வேண்டும் என்றது பில்.

திருத்திய பில் இப்படி வந்தது. நவம்பர் ஒன்பது நாள் வாடகை 900. பேசி முடித்த லாக்-இன் தொகை 6,000. ஏற்றுக்கூலி 1,500, அது ஒப்பந்தத்திலேயே இருப்பதால் அவர் மறுக்கவில்லை. மொத்தம் 8,400. ஜிஎஸ்டி 1,512. ஆக 9,912 ரூபாய். டெபாசிட்டில் கழித்தது போக, டீச்சருக்குத் திரும்பி வந்தது 88 ரூபாய்.

முன்கூட்டி விலகும் தொகைக்கும் ஜிஎஸ்டியா என்று கேட்கலாம். உண்டு. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு கட்டணம் பேசியிருந்தால் அதற்கும் வரி என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய அரசின் சுற்றறிக்கை சொல்கிறது. டெபாசிட் வாங்கும்போது அதற்கு வரி இல்லை. ஆனால் அதை வாடகையில் கழிக்கும்போது வாடகைக்கு வரி உண்டு. எனவே பில்லில் முதலில் தொகை, பிறகு வரி, அதன் பிறகே டெபாசிட் கழிவு என்று வரிசை இருக்க வேண்டும்.

இவ்வளவும் டீலரிடம் நேரடியாக எடுத்த வாடகை மெஷினுக்கு. ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் லீஸ் எடுத்தவர்களின் நிலை வேறு. அங்கே மெஷின் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது, சர்வீஸ் மட்டும் டீலருடையது. இரண்டும் தனித்தனி ஒப்பந்தம். டீலரிடம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாலும் லீஸ் தவணை நிற்காது. அது கிட்டத்தட்டக் கடன் மாதிரி, மீதித் தவணைகளில் பேரத்துக்கு இடம் குறைவு. அதனால் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் முன்முடிப்புத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே மெஷினை நகர்த்த வேண்டும்.

இரண்டு வகையிலும் முடிவில் செய்ய வேண்டியது ஒன்று. முன்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருந்தால் எண் சொல்லித் திரும்ப வாங்க வேண்டும். பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கியில் மட்டும் சொல்லிவிட்டு விட்டால், அந்தக் காசோலை திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரை போகலாம். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும். கடைசியாக, ‘இந்த ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிந்தது, பாக்கி ஏதும் இல்லை’ என்று கடை முத்திரையோடு ஒரு கடிதம்.

கடைசி ரீடிங் போட்டோ, கையெழுத்திட்ட சலான், பாக்கியில்லாக் கடிதம். மெஷின் போன பிறகும் இந்த மூன்று தாளையும் மூன்று வருடமாவது வைத்திருங்கள். பணப் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாகச் சட்டம் தரும் கெடு அவ்வளவு.